நடைப்பயிற்சிக்குப் பிறகு இறங்கி நிற்கும் இரத்த அழுத்தமும் மாத்திரை நேரமும்

சென்ற சித்திரையில் என் பெரியப்பா ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயது 63. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் விடியற்காலையில் வேலூர்க் கோட்டையின் அகழியை ஒட்டி முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பார், வீடு திரும்பிக் குளிப்பார், ஏழு மணிக்கு இரத்த அழுத்த மாத்திரை, பிறகு இட்லி. எந்த ஒழுங்கும் தவறாதவர். அன்றும் தவறவில்லை. ஆனால் ஒன்பது மணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நான் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறேன். அவரைப் போய்ப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது: “ஏம்மா, பிரஷர் குறைவதற்காகத்தானே நடக்கிறேன்? குறைவதற்காகத்தானே மாத்திரையும் போடுகிறேன்? குறைந்தால் நல்லதுதானே?” நியாயமான கேள்வி. இரண்டு நல்ல காரியங்கள் ஒரே நேரத்தில் வந்து மோதும்போது என்ன ஆகிறது என்பதுதான் அதற்கான பதில். புதிதாக நடக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருப்பவர்களுக்கும் அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் உடலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நடக்கும்போது மேல் அழுத்தம் ஏறுகிறது. அது இயல்பு. நின்ற சில நிமிடங்களில் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பழைய அளவையும் தாண்டிக் கீழே இறங்கி, அங்கேயே பல மணி நேரம் தங்குகிறது. உயர் இரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்கு இந்த இறக்கம் சிறியது, இரண்டு மணி நேரம் போல நீடிக்கும். அழுத்தம் உள்ளவர்களுக்கு 5 முதல் 10 புள்ளி வரை, சிலருக்கு அதற்கும் மேலே, பாதி நாள் வரைகூட நீடிக்கும். ஒரே ஒரு நாள் நடந்தாலும் இது நிகழும். மாதக்கணக்கில் நடந்து பழகிய பிறகு கிடைக்கும் பலன் வேறு, இது வேறு.

ஏன் இப்படி? ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். கழனிக்கு நீர் பாய மதகுகளைத் திறக்கிறோம், மோட்டாரையும் வேகமாக ஓட்டுகிறோம். பாய்ச்சல் முடிந்ததும் மோட்டார் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. மதகுகள் மட்டும் உடனே மூடிக்கொள்வதில்லை. கால்வாயில் நீர்மட்டம் இறங்கித்தான் நிற்கும். இதயம் மோட்டார், கால் தசைகளுக்குள் ஓடும் சின்னஞ்சிறு தமனிகள் மதகுகள்.

மதகு திறந்தே இருப்பதற்கு இரண்டு காரணங்கள் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. ஒன்று மூளையில் நடப்பது. கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்கினால் அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை இரத்தக்குழாய்களை இறுக்கச் சொல்லும். உடற்பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரத்துக்கு மூளை, “இவ்வளவு தாழ்வாக இருந்தால் போதும்” என்று தன் அளவுகோலையே இறக்கி வைத்துக்கொள்கிறது. அதனால் இறுக்கும் கட்டளை குறைகிறது. இன்னொன்று தசைக்குள்ளேயே நடப்பது. உழைத்த தசையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு, அங்குள்ள தமனிகளை விரித்து வைக்கிறது. ஒவ்வாமை வந்தால் மூக்கொழுக வைக்கிற அதே ஹிஸ்டமின்தான். அது வந்து ஒட்டிக்கொள்ளும் இரண்டு வகை ஏற்பிகளையும் மருந்தால் அடைத்துவிட்டுப் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தபோது, பிந்தைய இறக்கம் பெருமளவு குறைந்துபோனது. அதற்காக யாரும் ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டு இதைத் தடுக்க வேண்டாம். இந்த இறக்கம் நமக்கு வேண்டியதுதான்.

வேண்டாதது, இந்த இறக்கத்தின் மேல் மற்ற இறக்கங்கள் வந்து அடுக்கடுக்காக உட்காருவது. வெந்நீர்க் குளியல் தோலின் குழாய்களை விரிக்கிறது. வேலூர் வெயில் அதையே செய்வதோடு வியர்வையாக நீரையும் இறைத்துவிடுகிறது. வயதானவர்களுக்கு உணவு உண்ட பிறகு குடல் பக்கம் இரத்தம் திரும்புவதால் ஒன்றிரண்டு மணி நேரம் அழுத்தம் தாழ்கிறது. இதற்கெல்லாம் மேலே மாத்திரை. பெரியப்பாவின் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் இவை அத்தனையும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

அடுத்து, ஒரு வாரம் அளந்து எழுதுங்கள்

ஊகம் செய்து மாத்திரையை மாற்றுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி ஒன்று போதும். மணிக்கட்டில் கட்டும் கருவி கையை வைக்கும் உயரத்துக்கு ஏற்ப மாறிச் சொல்லும், அதனால் வேண்டாம். பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டையைத் தடித்த கையில் இறுக்கினால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை மார்பளவு உயரத்தில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்கவும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதிக்கொள்ளவும்.

எப்போது அளப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எழுந்து, சிறுநீர் கழித்து, காப்பிக்கும் மாத்திரைக்கும் நடைக்கும் முன்பாக ஒரு முறை. இதுதான் உங்கள் அடிப்படை எண். சிகிச்சை போதுமா என்று மருத்துவர் பார்க்க வேண்டியதும் இதையும் மாலை அளவையும்தான். வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85க்குக் கீழே இருப்பது பொதுவான எல்லைக்கோடு. நடந்து முடித்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை. பிறகு உங்களுக்குக் கிறுகிறுப்பு வரும் நேரம் எதுவோ, அல்லது மாத்திரை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும், மூன்றாவது முறை. இந்த மூன்றாவதை உட்கார்ந்தும் எடுங்கள், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் எடுங்கள். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது அலட்சியப்படுத்தக் கூடாத இறக்கம். நின்று அளக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

அந்த வாரத்தில் இரண்டு நாளாவது நடக்காமல் இருந்து அதே நேரங்களில் அளக்க வேண்டும். இதைச் சொன்னால் பலரும் மறுக்கிறார்கள். ஆனால் ஒப்பிடுவதற்கு வேறு வழியில்லை.

பெரியப்பாவின் நோட்டில் திங்கட்கிழமை, நடந்த நாள், இப்படி இருந்தது. காலை 5.20க்கு 136/84. 6.20க்கு நடை முடிந்தது. மாத்திரையும் குளியலும் முடிந்து 7.30க்கு 116/74. ஒன்பது மணிக்கு உட்கார்ந்து 108/68, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 86/58. கண்ணை மறைக்கிறது என்று சொல்லி உடனே உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை நடக்கவில்லை. அதே மாத்திரை, அதே குளியல், அதே இட்லி. 5.20க்கு 138/84, ஒன்பது மணிக்கு உட்கார்ந்து 124/78, நின்று 120/78. மற்ற நாட்களின் எண்களும் ஏறக்குறைய இதே கோலத்தில் வந்தன.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் 16 புள்ளி வித்தியாசம். நின்ற நிலையிலோ 34. நடை தனியாக அவரைக் கீழே தள்ளவில்லை, மாத்திரை தனியாகத் தள்ளவில்லை. இரண்டும் சேர்ந்த நேரத்தில் எழுந்து நின்றதுதான் தள்ளியது.

அளவெடுப்பதில் இன்னொரு கண்ணியும் உண்டு. அது எதிர்த்திசையில் ஏமாற்றும். நடந்து வந்து சற்று நேரம் கழித்து அளந்து 116 என்று பார்த்ததும், “எனக்கு பிரஷர் போய்விட்டது” என்று மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து அளப்பவர்களிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், “இன்று காலை முக்கால் மணி நேரம் நடந்தேன்” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. நடந்த உடனே, மூச்சு அடங்குவதற்குள் அளந்தால் அதிகமாகவும் காட்டும். அதற்கும் பொருள் இல்லை.

மருத்துவரிடம் என்ன கேட்பது

நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்களாக நேரம் மாற்றாதீர்கள், பாதியாக உடைக்காதீர்கள். ஆனால் எந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

அம்லோடிபின் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். அது மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, ஒரு நாளுக்கு மேல் உடலில் தங்கும் மருந்து. ஏழு மணிக்குச் சாப்பிட்டாலும் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டாலும் அன்றைய காலை அழுத்தத்தில் பெரிய மாற்றம் இராது. டெல்மிசார்டானும் நாள் முழுதும் தாங்கும் மருந்துதான்.

உடனடி விளைவு தெரிவது சிறுநீரைப் பெருக்கி உடலின் உப்பையும் நீரையும் இறக்கும் மாத்திரையில். நம்மூரில் இதை நீர் மாத்திரை என்கிறார்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, நான்கு மணி நேரம் போல் உச்சத்துக்குப் போகிறது. வியர்த்து வந்த உடலிலிருந்து இன்னும் நீரை எடுக்கிறது. இது பெரும்பாலும் தனியாக வருவதில்லை, வேறொரு மருந்தோடு சேர்ந்த ஒரே மாத்திரையாக வருகிறது. அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பெரியப்பா ஐந்து வருடமாகச் சாப்பிட்டது டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை. அதில் நீர் மாத்திரை இருப்பது அவருக்கே தெரியாது.

புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் போன்றவை எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக் கூடியவை. இதய வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. இவற்றைக் கொடுத்தது வேறொரு மருத்துவராக இருந்தாலும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

“மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா?” என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான ‘டைம்’ ஆய்வில், மாத்திரையைக் காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. இரவு மாத்திரை கூடுதலாகக் காப்பாற்றும் என்ற பேச்சு ஒரு காலத்தில் பலமாக இருந்தது. அதை நம்பி மாற்ற வேண்டியதில்லை. ஆனால் தலைசுற்றல் போன்ற காரணத்துக்காக மாற்றுவதென்றால், அந்த மாற்றம் பாதுகாப்பைக் குறைக்கும் என்ற பயமும் வேண்டியதில்லை. நேரம் எதுவானாலும் மறக்காமல் சாப்பிடுவதே முக்கியம்.

நீர் மாத்திரை கலந்ததை மட்டும் இரவுக்கு மாற்ற மருத்துவர்கள் தயங்குவார்கள். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். அரைத் தூக்கத்தில், இருட்டில், தாழ்ந்த அழுத்தத்தோடு எழுவது விழுவதற்கான வழி. பெரியப்பாவின் மருத்துவர் நோட்டைப் பார்த்துவிட்டு, கலவை மாத்திரையை நிறுத்தி, டெல்மிசார்டான் 40 மட்டும் இரவு உணவுக்குப் பிறகு என்று மாற்றினார். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கச் சொன்னார். இரண்டு வாரம் அளந்து வரச் சொன்னார், வெயில் தணிந்ததும் மறுபடி பார்க்கலாம் என்றார். இது அவருக்கான முடிவு. உங்கள் எண்களுக்கு வேறு முடிவு வரலாம்.

நடைக்குப் பின் வரும் ஒரு மணி நேரம்

மாத்திரையைத் தொடாமலேயே நீங்கள் மாற்றிக்கொள்ளக் கூடியது இதுதான். நான் பார்த்தவரை பாதிப் பேரின் கிறுகிறுப்பு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

சட்டென்று நிற்காதீர்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. வேகமாக நடந்துவிட்டு அப்படியே நின்று அரட்டை அடித்தால் அந்தப் பிழிதல் நின்றுபோகிறது, விரிந்த குழாய்களில் இரத்தம் கால் பக்கமே தேங்குகிறது. நடை முடிந்த முதல் சில நிமிடங்களில் வரும் மயக்கம் பெரும்பாலும் இதனால்தான். கடைசி 8 அல்லது 10 நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து முடியுங்கள். நின்று பேச வேண்டியிருந்தால் குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே பேசுங்கள்.

கிளம்புமுன் ஒரு டம்ளர், வந்ததும் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் மருத்துவர் தண்ணீர் அளவு குறித்திருப்பார். அந்த அளவுக்குள்ளேயே இதை அடக்கிக்கொள்ள வேண்டும். வியர்த்தது என்று உப்புக் கரைத்துக் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அழுத்தம் உள்ளவர்கள் அதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

வந்தவுடன் குளியலறைக்குள் போகாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். குனிந்து துணி துவைத்துவிட்டுச் சட்டென்று நிமிர்வது, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரே மூச்சில் எழுவது, இரண்டும் இந்த நேரத்தில்தான் ஆளைத் தள்ளும். கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவதுபோல, எந்த எழுதலையும் இரண்டு தவணையாகச் செய்யுங்கள். வரிசையில் நிற்கும் வேலையைப் பதினோரு மணிக்குத் தள்ளிவையுங்கள், அல்லது வீட்டில் வேறொருவரை அனுப்புங்கள்.

கண் இருட்டத் தொடங்கினால் உடனே உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் கால்களை உயர்த்துங்கள். பேருந்தில் உட்கார இடமில்லையென்றால் காலைப் பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கி, முஷ்டியை மடக்குங்கள். சில நொடிகளில் அழுத்தம் ஏறும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்த முயல்வது தவறு. மூளைக்கு இரத்தம் போகத்தான் உடல் அவரைப் படுக்கப் போட்டிருக்கிறது.

எவ்வளவு நடப்பது, எப்போது நடக்கக் கூடாது

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. புதியவர்களுக்கு அந்த வேகம் சரி. அட்டெனோலால், மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர்கள் நாடித் துடிப்பை எண்ணி வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள். அந்த மருந்து துடிப்பைக் கட்டி வைத்திருக்கும். எண்ணைத் துரத்தினால் உடல் தாங்காத அளவுக்குப் போய்விடுவீர்கள். சர்க்கரைக்கும் மருந்து சாப்பிடுபவராக இருந்தால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் அட்டெனோலாலும் மெட்டோபுரோலாலும் மறைக்கும். தலைசுற்றினால் சர்க்கரையையும் பாருங்கள்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. அந்தச் சில நொடிகளில் அழுத்தம் மிக உயரத்துக்குப் போய், விட்டதும் சரிகிறது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

காலை அளவு 180/110ஐ எட்டியிருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கும் நாளிலும் நடக்க வேண்டாம். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும். நடந்து முடித்த பிறகு வரும் கிறுகிறுப்பு ஒரு வகை. நடந்துகொண்டிருக்கும்போதே மயங்குவது, நெஞ்சு இறுகுவது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது, முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது வேறு வகை. அதற்குத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியப்பாவின் காலைச் சராசரி 132/82. நடந்த நாட்களில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்து 116/74, நின்று 110/72. உடனே அவர் கேட்டது, சோளிங்கர் மலைக்குப் போகலாமா என்பது. ரோப் கார் வந்த பிறகும் 1,305 படிகளையும் ஏறித்தான் நரசிம்மரைப் பார்ப்பேன் என்பவர் அவர். மருத்துவர் சரி என்ற பிறகு நான் மூன்று நிபந்தனை வைத்தேன்: வெறும் வயிற்றில் ஏறக் கூடாது, வெயில் ஏறுமுன் மேலே போய்விட வேண்டும், தரிசனம் முடித்து அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகே இறங்க வேண்டும். ஏறும்போது ஏறியிருக்கும் அழுத்தம் மேலே போய் உட்கார்ந்ததும் இறங்குகிறது. இறங்கும் படிகளில்தான் கால் தடுமாறும், அதனால் கைப்பிடியை விடக் கூடாது. கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கீழே வந்து ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்து 114/72, நின்று 108/72 என்று கைப்பேசியில் சொல்லிவிட்டு, இரவு மாத்திரையை வழக்கமான நேரத்துக்கே போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.